ஜெனரேட்டிவ் ஃபில் கெடுத்த விரல்கள்: திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண ஆல்பம் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விரல்களைக் கெடுக்கிறார்கள். தொடக்கத்தில் நானும் அப்படிக் கெடுத்தவன்தான் என்பதால், எங்கே சறுக்கினார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலையோ செல்போனையோ எடுத்துவிடச் சொல்லி வீட்டார் கேட்பார்கள். ஃபோட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஃபில் போட்டால் பாட்டில் போய்விடும். கூடவே ஒரு விரலும் போயிருக்கும், இல்லையென்றால் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் இல்லையென்றால் ஆறாவதாக ஒன்று முளைத்திருக்கும்.

எண்ணிப் பார்க்காமல் அனுப்புவது, மூலப் படத்தின் மேலேயே சேமிப்பது போன்றவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒரு முறை திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

முழுக் கையையும் மறுபடி வரையச் சொல்வது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். பணம் போவதும் இதில்தான்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் அத்தை சீர்வரிசைத் தட்டைப் பிடித்தபடி நிற்கிறார். கட்டை விரல் தட்டின் விளிம்புக்கு மேலே, மற்ற நான்கு விரல்களும் கீழே. பாலிதீன் பை ஒன்றின் பிடியை நடுவிரலிலும் மோதிர விரலிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அதே கையால் தட்டையும் பிடித்திருக்கிறார். பையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. உட்கார்ந்த பையன் பையோடு சேர்த்து மணிக்கட்டு வரை லாசோவால் சுற்றி, ப்ராம்ப்டைக் காலியாக விட்டு ஜெனரேட் கொடுத்தான்.

பை போயிற்று. நடுவிரலும் மோதிர விரலும் ஒரே தடித்த விரலாக ஒட்டிக்கொண்டன. மறுபடி ஜெனரேட் கொடுத்தான். தட்டுக்குக் கீழே ஐந்து விரல், மேலே ஒரு கட்டை விரல். மறுபடி ஒரு ஜெனரேட், மறுபடி ஒரு ஜெனரேட் என்று போய், கடைசியில் கணக்குச் சரியாக வந்த ஒன்றை எடுத்து வைத்தான். விரல் ஐந்துதான். ஆனால் அது அத்தையின் கை இல்லை. அறுபது வயதுக்காரரின் புடைத்த கணுக்களும் நரம்பும் மறைந்து, கல்லூரிப் பெண்ணின் கை வந்திருந்தது. சிவப்புக் கல் மோதிரம் வெறும் தங்க வளையமாக மாறியிருந்தது. ஆல்பம் வீட்டுக்குப் போனதும் அத்தை முதலில் கேட்டது மோதிரத்தைப் பற்றித்தான். தாள்களை முதுகோடு முதுகு ஒட்டிச் செய்யும் ஆல்பத்தில் ஒரு தாளை மட்டும் உருவி மாற்ற முடியாது. அச்சும் பைண்டிங்கும் மறுபடி செய்து கொடுத்தோம்.

இப்படி ஆவதற்குக் காரணம் எளிது. செலக்‌ஷனுக்குள் முழுதாக விழுந்ததை அந்தக் கருவி திருத்துவதில்லை. அதைத் தள்ளிவிட்டு, சுற்றியிருப்பதைப் பார்த்துப் புதிதாக வரைகிறது. கையில் ஐந்து விரல் என்ற கணக்கு அதற்குள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கோடிக்கணக்கான படங்களில் விரலுக்குப் பக்கத்தில் விரல் இருப்பதைப் பார்த்துப் பழகியிருக்கிறது, அதனால் விரலுக்குப் பக்கத்தில் விரல் போடுகிறது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் தடுமாறுகிறது. கை சிறிதாக இருந்தால் தடுமாற்றம் கூடும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐயின் முதல் மாடல்களை எடுத்துக்கொண்டால், 8 பிக்சல் அகலம் 8 பிக்சல் உயரம் கொண்ட துண்டு ஒவ்வொன்றையும் ஒரே கட்டமாகச் சுருக்கி வைத்துக்கொண்டுதான் வரையும். விரல் 20 பிக்சல் அகலம் என்றால் அதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று கட்டம். இரண்டு விரலுக்கு நடுவில் உள்ள மெல்லிய இடுக்கு அதில் எங்கே தங்கும்? ஃபோட்டோஷாப்பில் இருப்பது வேறு மாடல்தான். ஆனாலும் முழு உருவப் படத்தில் தூரத்தில் தெரியும் சின்னக் கையில் அதுவும் இதே போலத்தான் சொதப்புகிறது.

அந்தப் பையன் கவனிக்காதது ஒன்றே ஒன்று. அத்தையின் உண்மையான விரல்கள் அப்படியே கீழே இருந்தன. ஜெனரேட்டிவ் ஃபில் மூலப் படத்தைத் தொடுவதில்லை. தனி லேயராக, மாஸ்க்கோடு மேலே வந்து உட்காருகிறது. அந்த மாஸ்க்கைக் கிளிக் செய்து, ஓரம் கொஞ்சம் மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் விரல்களின் மேல் தீட்டினால் பழைய விரல்கள் வெளியே வந்துவிடும். மோதிரமும் வரும். தட்டுக்குக் கீழே சேலை தெரியும் இடத்தில் மட்டும் புதிதாக வரைந்ததை விட்டுவைக்க வேண்டும்.

விரல்கள் திரும்பும்போது அவற்றைச் சுற்றிய பையின் பிடியும் திரும்பும். இரண்டு விரலின் குறுக்கே ஒரு மெல்லிய பட்டை. உண்மையில் மீதியுள்ள வேலை அவ்வளவுதான். அதற்கு ஜெனரேட்டிவ் ஃபில் தேவையில்லை. மேலே ஒரு காலி லேயர் போட்டு, குளோன் ஸ்டாம்ப்பில் Sample என்ற இடத்தில் Current & Below வைத்து, பட்டையைவிடக் கொஞ்சம் அகலமான பிரஷ்ஷை எடுங்கள். `Alt` அழுத்தித் தோலை எடுக்கும் இடம் அதே விரலில், பட்டைக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ இருக்க வேண்டும். விரலின் குறுக்கே வெளிச்சம் மாறிக்கொண்டே போகும்: நடுவில் வெளுப்பு, ஓரங்களில் இருட்டு. விரலின் நீளவாக்கில் அவ்வளவு மாறாது. அதனால் நீளவாக்கில் நகர்த்தி எடுத்த தோல் அப்படியே பொருந்தும். பக்கத்து விரலிலிருந்து எடுத்தது பொருந்தாது. பட்டை ஒரு கணுவின் மேலேயே விழுந்திருந்தால் மட்டும், அந்தச் சுருக்கத்தைப் பக்கத்து விரலின் கணுவிலிருந்து எடுத்துச் சாய்வை மாற்றி வைக்கலாம். ஹீலிங் பிரஷ் வேண்டாம். விரல் ஓரத்துக்குப் போனதும் அது இடுக்கின் இருட்டைத் தோலுக்குள் இழுத்து அழுக்காக்கும்.

அடுத்த படத்தில் இந்த வேலையே வராமல் இருக்க, லாசோவை விரல் பக்கம் விளிம்போடு நிறுத்துங்கள். பின்னணிப் பக்கம் தாராளமாக விடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இன்னொன்று: இதெல்லாம் லேயர்கள் பிரிந்திருக்கும் வரைதான். `Ctrl+Shift+E` அழுத்தி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டு என்னிடம் கொண்டுவருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை. மூலப் படத்தைத் தேடி எடுத்துக் கீழே வைத்து, நகராமல் பொருத்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒட்டிய விரல்களுக்கு மறுபடி மறுபடி ஜெனரேட் கொடுப்பது

சில நேரம் மூல விரலே கிடைக்காது. அந்த இடத்தை பாட்டில் முழுதாக மறைத்திருக்கும், புதிதாக வரைந்தது மட்டும்தான் கையில் இருக்கும். அதில் இரண்டு விரல் ஒட்டியிருந்தால் முதலில் அகலத்தைப் பாருங்கள். ஒட்டிய பகுதி இரண்டு விரல் அகலம் இருந்து, நுனியில் இரண்டு நகமும் தெரிந்தால், குறைவது இடுக்கு மட்டுமே. கோடு போட்டால் போதும்.

புது லேயர், மல்டிப்ளை மோட், இரண்டு மூன்று பிக்சல் பிரஷ், ஃப்ளோ இருபது சதவீதம் அளவில். நிறத்தை அதே கையில் சரியாக வந்த இன்னொரு இடுக்கிலிருந்து எடுங்கள். அது கறுப்பாக இருக்காது, சிவப்பு கலந்த பழுப்பாக இருக்கும். கறுப்பால் போட்ட கோடு பேனாக் கோடு மாதிரித் தெரியும். விரல்கள் பிரியும் அடியில் அழுத்தமாகத் தொடங்கி நுனிக்குப் போகப் போகத் தளர்த்துங்கள். பிறகு வெளிச்சம் இடது பக்கமிருந்து வந்தால், கோட்டுக்கு வலது பக்கத்து விரலின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் ஒன்று. அது இல்லாவிட்டால் வெட்டுக்காயம் போல இருக்கும்.

அகலமே ஒன்றரை விரல்தான் என்றால் கோடு போட்டு ஏமாற்ற முடியாது. கீழே சொல்லியிருக்கும் மாற்று விரல் வழிக்குப் போய்விடுங்கள்.

ப்ராம்ப்டில் "ஐந்து விரல்" என்று எழுதுவது

எழுதலாம். அது எண்ணாது.

இல்லாத குறையைத் திருத்துவது

தட்டு ஏந்திய கையில் கட்டை விரல் தெரியாமல் நான்கு மட்டும் தெரிந்தால் அது குறை இல்லை. கோத்த கைகளில் எட்டு, ஒன்பது தெரிவதும் இயல்பு. ஐந்து தெரிந்தே ஆக வேண்டும் என்று ஒன்றைச் சேர்த்துக் கெடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். பிறவியிலேயே ஆறு விரல் உள்ளவர்களும் இருக்கிறார்கள். எடுப்பதற்கு முன் மூலப் படத்தைத் திறந்து பாருங்கள்.

காணாமல் போன விரலைக் கருவியிடமே கேட்பது

இங்கே கேட்க வேண்டியது புகைப்படக்காரரை. மேடையில் ஒரே போஸை விடாமல் அடித்திருப்பார். முன்னோ பின்னோ உள்ள ஃப்ரேமில் அதே கை பாட்டில் இல்லாமல் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதே ஆள், அதே விளக்கு, அதே லென்ஸ். அதைவிட நல்ல விரல் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.

அதுவும் இல்லையென்றால் உங்கள் கையையோ, வயது ஒத்துப்போகும் வேறொருவர் கையையோ படம் எடுங்கள். செல்போனைக் கைக்கு மிகப் பக்கத்தில் வைத்து எடுக்காதீர்கள். கிட்டத்திலிருந்து எடுத்தால் முன்னால் இருக்கும் விரல் பெருத்துத் தெரியும். தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். வெளிச்சம் படத்தில் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதே பக்கமிருந்து வரட்டும். இடது கையை எடுத்து வலது கையாகத் திருப்பிப் போடுகிறவர்கள் வெளிச்சமும் சேர்ந்து திரும்புவதை மறந்துவிடுகிறார்கள்.

வெட்டி வைத்த விரலை `Edit > Puppet Warp` கொண்டு வளைக்கலாம். பின்களை விரல் அடியிலும் கணுக்களிலும் மட்டும் குத்துங்கள். கணுக்களுக்கு நடுவே குத்தி இழுத்தால் எலும்பு இல்லாத விரல் வரும். வைத்து முடித்ததும் பக்கத்து விரல்களின் கணுக்களோடு சேர்த்து ஒரு வளைவை மனதில் வரைந்து பாருங்கள். புது விரலின் கணு அந்த வளைவிலிருந்து விலகினால், எண்ணிக்கை சரியாக இருந்தும் பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும்.

கூடுதல் விரலை எடுத்துவிட்டு நிழலை விட்டுவிடுவது

சேலையில் விழுந்த நிழலையும் சேர்த்து எடுங்கள்.

புது விரலை அப்படியே வழுவழுவென்று விடுவது

மண்டப வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கேமராவின் நாய்ஸ் இருக்கும். புதிதாக வரைந்த தோலில் அது இருக்காது. ஐம்பது சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை ஓவர்லே மோடில் வைத்து, அதில் Add Noise போட்டு, புது விரலுக்கு மட்டும் மாஸ்க் செய்யுங்கள். அளவை 100 சதவீத ஜூமில் பக்கத்து விரலோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். 200இல் பார்த்து முடிவு செய்தால் பெரும்பாலும் கூடிப்போகும்.