முதியோர் அசைன்மென்ட்டில் மருந்துப் பட்டியலை எழுதும்போது நேரும் தவறுகள்

முதியோர் மருத்துவப் பாடத்துக்கு வரும் அசைன்மென்ட்டுகளைத் திருத்தும்போது திரும்பத் திரும்ப ஒரே அமைப்பைப் பார்க்கிறேன். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் அது பாலிஃபார்மசி என்று ஒரு வரி. அதன் கீழே மருந்து, அளவு, பக்கவிளைவு என்று ஓர் அட்டவணை. எல்லாக் கட்டங்களிலும் குமட்டல், தலைவலி, தலைசுற்றல். கடைசியில் "மருத்துவரிடம் கலந்து மாத்திரைகளைக் குறைக்க வேண்டும்" என்று முடிவு. இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் படித்து முடித்தபின், அந்த முதியவருக்கு என்னதான் நடந்தது என்று தெரிவதில்லை.

பாடத்துக்காக ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். 78 வயதுப் பெண், எடை 48 கிலோ. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது விழுந்திருக்கிறார். இரண்டு வாரமாகப் பேச்சில் குழப்பம், கடுமையான மலச்சிக்கல். மருந்துச் சீட்டில் எனலாபிரில், அம்லோடிபின் 10 மி.கி., ஃபுரோசமைடு 40 மி.கி., ஆக்ஸிபியூட்டினின், தைராக்ஸின், கால்சியம், லாக்டுலோஸ் என்று ஏழு மருந்துகள்.

ஏழு என்பதால் பாலிஃபார்மசி என்று எழுதி அடுத்த பத்திக்குப் போவதுதான் முதல் தவறு. இதய நோயும் சர்க்கரை நோயும் உள்ள ஒருவருக்கு ஏழு மருந்துகளும் தேவையாக இருக்கலாம். மூன்றே மருந்து சாப்பிடுபவருக்கு அதில் ஒன்று தீங்கு செய்துகொண்டிருக்கலாம். எண்ணிக்கை நம்மை எச்சரிக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு மருந்தையும் பார்த்து, இது எதற்காகத் தொடங்கப்பட்டது, அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: தேதி இல்லாத அட்டவணை. மேலே உள்ள ஏழு மருந்துகளையும் தொடங்கிய வரிசையில் வைத்துப் பாருங்கள். எனலாபிரிலும் தைராக்ஸினும் கால்சியமும் பல வருடப் பழக்கம். எட்டு மாதத்துக்கு முன் ரத்த அழுத்தம் ஏறியதால் அம்லோடிபின் 5-இலிருந்து 10 மி.கி. ஆனது. அடுத்த மாதம் கணுக்காலில் வீக்கம் வந்தது, ஃபுரோசமைடு சேர்ந்தது. அப்புறம் சிறுநீரை அடக்க முடியவில்லை என்றார், ஆக்ஸிபியூட்டினின் வந்தது. அது வந்த பிறகு மலச்சிக்கல், அதற்கு லாக்டுலோஸ். கடைசியில் குழப்பம், இரவில் விழுதல்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அடுத்த மருந்தைச் சேர்க்கும் இந்தச் சங்கிலிக்கு 'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்' என்று பெயர். அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது. சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கணுக்கால் திசுக்களில் கசிகிறது. அளவு கூடினால் வீக்கமும் கூடும். அம்லோடிபினால் வரும் வீக்கம் உடலில் உப்பும் நீரும் தேங்கி வருவதல்ல என்பதால் ஃபுரோசமைடால் இதற்குப் பெரிய பலன் இல்லை. அது சிறுநீர்த் தொல்லையைத்தான் கூட்டும். ஆக்ஸிபியூட்டினின் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. அந்தத் தடை சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை. குடல் மந்தமாகும், வாய் உலரும், வயதான மூளையில் குழப்பம் வரும். பீர்ஸ் பட்டியலும் 'STOPP' அளவுகோலும் முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகளில் எச்சரிக்கை சொல்வது இதனால்தான். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதாது, இந்த நோயாளியிடம் அது என்ன செய்தது என்று காட்டுங்கள்.

சரி, முதலில் ரத்த அழுத்தம் ஏன் ஏறியது? இங்கேதான் மூன்றாவது தவறு வருகிறது. பலர் மருந்துச் சீட்டை மட்டும் நகல் எடுக்கிறார்கள். வீட்டில் உள்ள எல்லாவற்றையும், வலி மாத்திரை, தைலம், கஷாயப் பொடி, கண் சொட்டு மருந்து உட்பட, ஒரே பையில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். இந்தப் பெண்ணின் பையில் ஐபுபுரூஃபன் இருந்தது. முழங்கால் வலிக்கு ஒன்பது மாதமாகத் தானே வாங்கிச் சாப்பிடுகிறார். அது சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், எனலாபிரிலின் வேலையையும் கெடுக்கும். சங்கிலியின் முதல் கண்ணி சீட்டிலேயே இல்லை! போதாதற்கு ஐபுபுரூஃபன், எனலாபிரில், ஃபுரோசமைடு மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் அபாயம் உண்டு. பையைப் பார்க்கும்போதே எப்படிச் சாப்பிடுகிறார் என்றும் கேளுங்கள். இவர் தைராக்ஸினையும் கால்சியத்தையும் காலையில் ஒன்றாக விழுங்குகிறார். நான்கு மணி நேர இடைவெளி இல்லாவிட்டால் தைராக்ஸின் சரியாக உறிஞ்சப்படாது.

நான்காவது, "கிரியேட்டினின் 1.1, நார்மல்" என்று எழுதுவது. தசை குறைந்த முதியவருக்குக் கிரியேட்டினின் குறைவாகவே உற்பத்தியாகும். அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் அழகாகத் தெரியும். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் இந்தப் பெண்ணின் வயது, எடை, கிரியேட்டினின் 1.1 மூன்றையும் போட்டுப் பாருங்கள்:

```
(140 − 78) × 48 ÷ (72 × 1.1) × 0.85 ≈ 32
```

பெண் என்பதால் 0.85. நிமிடத்துக்கு 32 மி.லி. மட்டுமே வடிகட்டும் சிறுநீரகத்தை நார்மல் என்று எழுதிவிட்டால், அதன்மேல் செய்யும் மறுஆய்வு முழுதும் தப்பாகிவிடும்.

இனி திட்டம். "எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்" என்பதும் தவறு, "குறைக்க வேண்டும்" என்று பொதுவாக விடுவதும் தவறு. எது, எந்த வரிசையில், எதைப் பார்த்துக்கொண்டு என்று எழுத வேண்டும். பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மாற்றுவதே நல்லது. அப்போதுதான் எதனால் மாற்றம் வந்தது என்று தெரியும். இவருக்கு மட்டும் முதல் நாளே இரண்டை நிறுத்தப் பரிந்துரைப்பேன்: ஐபுபுரூஃபன், ஆக்ஸிபியூட்டினின். இரண்டும் இப்போதே தீங்கு செய்கின்றன, இரண்டின் விளைவையும் தனித்தனியாகக் கண்காணிக்க முடியும். முதலாவதை ரத்த அழுத்தத்திலும் கிரியேட்டினினிலும் பார்க்கலாம், இரண்டாவதைக் குழப்பத்திலும் மலச்சிக்கலிலும் பார்க்கலாம். முழங்காலுக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. மூன்று வேளை. வலிக்கு மாற்று கொடுக்காவிட்டால் ஐபுபுரூஃபன் அடுத்த வாரமே பைக்குள் திரும்பிவிடும்.

ஒன்று, இரண்டு வாரத்தில் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது நிற்கும்போது வரும் ரத்த அழுத்தத் தாழ்வு. விழுந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்கியிருந்தால் அம்லோடிபினை 5-க்குக் கொண்டுவரலாம். வீக்கம் வடிந்த பிறகு ஃபுரோசமைடை நிறுத்தலாம். அதை நிறுத்துமுன், இதயம் பலவீனமாகி மூச்சுத்திணறல் இருந்ததா என்று பழைய பதிவுகளில் தேடியே ஆக வேண்டும். நிறுத்தியபின் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ படுத்தால் மூச்சு வாங்கினாலோ உடனே வர வேண்டும். குடல் சீரானால் லாக்டுலோஸும் தேவைப்படாது.

இவருக்கு நிறுத்தப்போகும் மருந்துகளில் படிப்படியாகக் குறைத்தே ஆக வேண்டியது இல்லை. உங்கள் நோயாளியிடம் பீட்டா பிளாக்கர், தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு இருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். மாணவர் தானே எதையும் நிறுத்துவதில்லை, மருந்து எழுதும் மருத்துவருக்குக் காரணத்தோடு பரிந்துரைக்கிறார் என்பதும் தெளிவாக இருக்கட்டும்.

நிறுத்தியவை, தொடர்பவை, மறுபரிசோதனை நாள் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவரிடமும் வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவரிடமும் தருவதைத் திட்டத்தில் சேருங்கள். பழைய சீட்டையும் மிச்சமிருக்கும் ஆக்ஸிபியூட்டினின் அட்டையையும் பையிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று அடுத்த சந்திப்பில் பார்க்க வேண்டும்.