ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, பேர்லி: பக்கத்துல இன்னொரு நெகட்டிவ் ஏன் ஒட்டாது?

கிட்டத்தட்ட இல்லங்கற அர்த்தத்துல வர்ற இந்த மூணு இங்கிலீஷ் வார்த்தையும் பாக்க சாதுவா இருக்கும், நாட்டும் இருக்காது நோவும் இருக்காது, ஆனா உள்ள முக்கால்வாசி நெகட்டிவ் ஒளிஞ்சிருக்கு. அது தெரியாமதான் நிறைய பேர் "ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர் யூ"ன்னு எழுதிட்டு எரர் ஸ்பாட்டிங்ல மார்க்க விட்டுடறாங்க. சரியான வாக்கியம் "ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ", அவ்வளவுதான்.

நமக்கு இது ஏன் வழுக்குதுன்னா, நாம "நீ பேசறது சரியாவே கேக்கல"ன்னு சொல்லுவோம், "இல்ல"ங்கறது வினையோட வால்ல வந்தாகணும். அத அப்படியே கொண்டு போகும்போது "கேக்கல"வுக்கு ஒரு கான்ட், "சரியாவே"க்கு ஒரு ஹார்ட்லின்னு ரெண்டையும் போட்டுடறோம், ஆனா இங்கிலீஷ்ல ஹார்ட்லி ஒண்ணே ரெண்டு வேலையையும் முடிச்சிடும்.

முதல் ஸ்டெப், இது நெகட்டிவ்தானான்னு நீங்களே செக் பண்ணுங்க. கடைசியில ஒரு கொஸ்டின் டேக் போட்டுப் பாருங்க. "ஹி ஈட்ஸ் மீட்"க்கு "டஸன்ட் ஹி?" வரும், பாசிட்டிவ் வாக்கியத்துக்கு நெகட்டிவ் டேக். "ஹி ஹார்ட்லி ஈட்ஸ் மீட்"க்கு என்ன வரும்? "டஸ் ஹி?"தான். நாட் எங்கயும் இல்ல, ஆனா இங்கிலீஷ் இத நெகட்டிவ் வாக்கியமாத்தான் நடத்துது. இன்னொரு அடையாளம் எனி. "தேர் இஸ் ஹார்ட்லி எனி மில்க்"னு வரும், அந்த இடத்துல சம் போட்டா ஒட்டாது.

ரெண்டாவது ஸ்டெப், அதே வாக்கியத்துல இன்னொரு நெகட்டிவ் இருக்கான்னு தேடணும். நாட் இருந்தா கண்ணுல பட்டுடும், மாட்டி விடறது நோபடி, நத்திங், நெவர், அப்புறம் முக்கியமா வித்தவுட். ஒருத்தர் போன் கால் பத்தி இப்படி எழுதியிருக்கார்னு வச்சுக்குவோம்: "ஐ குடன்ட் ஹார்ட்லி ஹியர் யூ. தேர் வாஸன்ட் பேர்லி எனி சிக்னல். நோபடி ஸ்கேர்ஸ்லி ரிப்ளைட். ஹி லெஃப்ட் வித்தவுட் ஹார்ட்லி எ வேர்ட்."

முதல் ரெண்டும் ஈஸி, குடன்ட்ட குட் ஆக்குங்க, வாஸன்ட்ட வாஸ் ஆக்குங்க. மூணாவதுல நோபடிய எனிபடின்னு மாத்தினா மட்டும் போதாது, எனிபடி ஸ்கேர்ஸ்லிக்குப் பின்னாடி போகணும்: "ஸ்கேர்ஸ்லி எனிபடி ரிப்ளைட்." நாலாவதுல வித்தவுட் வித் ஆகும், "ஹி லெஃப்ட் வித் ஹார்ட்லி எ வேர்ட்." ஹார்ட்லிய எடுத்துட்டு நெகட்டிவ்வ விட்டாலும் இலக்கணம் சரியாயிடும், ஆனா அர்த்தம் மாறிடும், "ஐ குடன்ட் ஹியர் யூ"ன்னா சுத்தமா கேக்கல, "ஐ குட் ஹார்ட்லி ஹியர் யூ"ன்னா ஏதோ கொஞ்சம் காதுல விழுந்துச்சு.

ரெண்டு நெகட்டிவ் சேர்ந்தா பாசிட்டிவ் ஆயிடும், அதான் தப்புன்னு கிளாஸ்ல சொல்லுவாங்க. எனக்கு அது முழுசா ஒத்து வரல. அமெரிக்காவுல, குறிப்பா தெற்குப் பக்கம், "கான்ட் ஹார்ட்லி"ன்னு பேசறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதக் கேட்டு "ஓ, நல்லா கேக்குது போல"ன்னு யாரும் புரிஞ்சுக்கறதில்ல. 14ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ் கவிஞர் சாஸரே நெகட்டிவ்வ அடுக்கி அடுக்கி எழுதினவர்தான். இன்னைக்கு ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ்ல ஒரு வினை இருக்கற ஒரு வாக்கியத் துண்டுக்கு ஒரு நெகட்டிவ்னு வழக்கம் நின்னுடுச்சு, அதனால ரெண்டாவது வந்தா படிச்சவங்க காதுக்கு உறுத்துது. பரீட்சையிலயும் ஆபீஸ் மெயில்லயும் அந்தக் காதுக்குத்தான் எழுதறோம்.

மூணாவது ஸ்டெப், ஓவரா வெட்டிடாதீங்க. "தேர் இஸ் ஹார்ட்லி எனிஒன் ஹூ டஸன்ட் நோ ஹர்", அதாவது அவங்களத் தெரியாதவங்க கிட்டத்தட்ட யாருமே இல்ல. இது நூறு சதவீதம் சரி, ஏன்னா ஹூ-வுல இருந்து வேற வாக்கியத் துண்டு ஆரம்பிக்குது, டஸன்ட் அதுக்குள்ள இருக்கு. அங்க போய் டஸன்ட்ட டஸ் ஆக்கினா அவங்கள கிட்டத்தட்ட யாருக்குமே தெரியாதுன்னு அர்த்தம் தலைகீழாயிடும்.

மூணும் ஒரே மாதிரியான்னா, இல்ல. ஸ்கேர்ஸ்லி கொஞ்சம் புத்தக வாடை, பேச்சுல கம்மி. பேர்லி இருக்கறதுலயே லேசான நெகட்டிவ், "ஹி பேர்லி பாஸ்ட்"னா ஆள் பாஸ்தான், 35 வாங்கி தப்பிச்சிருக்கார். அந்த இடத்துல ஹார்ட்லி போடாதீங்க, பொருந்தாது.

ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, "ஸ்கேர்ஸ்லி எனிபடி" மாதிரி பக்கத்து வார்த்தையோட ஒட்டாம, வினையச் சேர்ந்ததா வாக்கியத்தோட முதல்லயே வந்தா நெவர் வந்த மாதிரியே ஆர்டர் திரும்பும்: "ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் வென் த போன் ராங்." இங்கயும் ஹேடன்ட் கிடையாது. நடுவுல வென்னுக்குப் பதிலா தேன் போடறதும் அடிக்கடி நடக்கும், ஆனா தேன் வர்றது நோ சூனர் கூட.