பூலியன் விடைத்தாள் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தர ஐசிடி விடைத்தாளில் உண்மை அட்டவணையும் பூலியன் சுருக்கமும் திருத்துவதற்கு இலகுவான கேள்விகள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. விடை 0 அல்லது 1, புள்ளித் திட்டத்தில் உள்ளது போல இருந்தால் சரி, இல்லாவிட்டால் பிழை. பிள்ளைக்கு உரிய புள்ளி அதிகம் பறிபோவது இந்த வேகத்தில்தான். வன்னியில் பல பள்ளிக்கூடங்களில் இந்தப் பாடத்துக்கு ஒரே ஆசிரியர். அவர் போட்ட புள்ளியை இரண்டாவது கண் பார்ப்பதில்லை. அதனால் எங்கே வழுக்கும் என்று முதலே தெரிந்திருப்பது நல்லது.

ஒரேயொரு கோவையை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்ப்போம். மேற்கோட்டைத் தட்டச்சில் போட முடியாததால் இங்கே ' என்ற குறியைப் பாவிக்கிறேன்.

```
F = (AB)'(B + C)

A B C | (AB)' | B+C | F
0 0 0 |   1   |  0  | 0
0 0 1 |   1   |  1  | 1
0 1 0 |   1   |  1  | 1
0 1 1 |   1   |  1  | 1
1 0 0 |   1   |  0  | 0
1 0 1 |   1   |  1  | 1
1 1 0 |   0   |  1  | 0
1 1 1 |   0   |  1  | 0
```

கேள்வியின் முதற் பகுதி இந்த அட்டவணையைப் பூரணப்படுத்துவது. அதற்கு 4 புள்ளி: (AB)' நிரலுக்கு 1, B+C நிரலுக்கு 1, F நிரலுக்கு 2. இரண்டாம் பகுதி கோவையைச் சுருக்குவது. அதற்கும் 4 புள்ளி: டி மோர்கன் விதிக்கு 1, விரித்து எழுதியதற்கு 1, BB' = 0 என்று நீக்கியதற்கு 1, இறுதி விடைக்கு 1. எங்கள் தவணைப் பரீட்சைகளில் புள்ளி ஏறக்குறைய இப்படித்தான் பிரியும்.

முதலாவது சிக்கல் அந்த மேற்கோடு. கையெழுத்தில் AB-க்கு மேலே இழுத்த கோடு ஒன்றா இரண்டா என்று பல தாள்களில் தெரியாது. பேனை நடுவில் கொஞ்சம் தூக்கினால் போதும், (AB)' என்பது A'B' போலத் தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. A, B இரண்டும் 0 ஆக இருக்கும்போது இரண்டும் 1 தரும், இரண்டும் 1 ஆக இருக்கும்போது இரண்டும் 0 தரும். ஆனால் 01, 10 என்ற நிரைகளில் (AB)' தருவது 1, A'B' தருவது 0. ஆகவே கோட்டை உற்றுப் பார்த்து ஊகிக்கத் தேவையில்லை. பிள்ளையின் அட்டவணையில் அந்த நிரைகளைப் பாருங்கள். அட்டவணை இல்லையென்றால் அடுத்த வரியைப் பாருங்கள். A' + B' என்று வந்திருந்தால் பிள்ளை நினைத்தது ஒரு நீளக் கோடு. கோடு அரை மில்லிமீற்றர் விட்டுப்போனதற்காக அந்தப் பிள்ளைக்குப் புள்ளி வெட்டக்கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் கொடுத்த வினாத்தாளையே ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். போட்டோகொப்பியின் கொப்பியில் இருந்து கொப்பி எடுக்கும்போது மெல்லிய கோடுதான் முதலில் மறையும். ஒரு வகுப்பில் பாதிப் பேர் ஒரே மாதிரி A'B' என்று எடுத்திருந்தால், பிள்ளைகளைச் சந்தேகிக்க முதல் அவர்கள் கையில் இருந்த தாளைப் பாருங்கள். அதில் கோடு உடைந்திருந்தால் இரண்டு வாசிப்புக்கும் புள்ளி கொடுப்பதே நியாயம்.

இரண்டாவது, F நிரலை மேலிருந்து கீழே 0, 1, 1, 1, 0, 1, 0, 0 என்று மனப்பாடம் பண்ணி வைத்துக்கொண்டு தாளைத் தட்டுவது. கட்டுக்கட்டாகத் திருத்தும்போது எல்லோருக்கும் வரும் பழக்கம் இது. சில பிள்ளைகள் 111-இல் தொடங்கி 000 வரை எழுதுவார்கள். சிலர் கானோ வரைபடத்தின் பழக்கத்தில் 00, 01, 11, 10 என்று போவார்கள். அட்டவணை முழுக்கச் சரியாக இருந்தும் F நிரல் வேறு வரிசையில் தெரியும். உள்ளீட்டு நிரல்களை வினாத்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்தால் இந்தப் பிரச்சினை வராது. கொடுக்கவில்லையென்றால், உள்ளீட்டைப் பார்க்காமல் வெளியீட்டுக்குச் சரி போடக்கூடாது. அப்போதுதான் எதிர்ப்பக்கத் தவறும் பிடிபடும்: 8 நிரை இருக்கும், ஆனால் 101 இரண்டு தரம் வந்து 110 விட்டுப்போயிருக்கும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு பிழைக்குப் பல இடத்தில் புள்ளி வெட்டுவது.

ஒரு பிள்ளை உண்மையிலேயே (AB)' என்பதை A'B' என்று எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிரலில் அவளுக்கு வருவது 1, 1, 0, 0, 0, 0, 0, 0. B+C நிரல் சரி. இரண்டையும் பெருக்கி F நிரலில் 0, 1, 0, 0, 0, 0, 0, 0 என்று எழுதுகிறாள். இரண்டாம் பகுதியில் A'B'(B + C) என்று தொடங்கி, A'B'B + A'B'C என விரித்து, BB' = 0 என்று முதல் உறுப்பை நீக்கி, A'B'C என்று முடிக்கிறாள்.

திட்டத்தோடு ஒப்பிட்டு மட்டும் திருத்துபவர் B+C நிரலுக்கு 1 போடுவார், மற்ற எல்லாவற்றுக்கும் பிழை. 8-க்கு 1.

இப்போது அவள் என்ன செய்திருக்கிறாள் என்று பாருங்கள். அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, பெருக்கத்தின் மறுப்பு எப்படி உடையும் என்பது. (AB)' நிரலுக்கான 1 போகட்டும். ஆனால் F நிரல் அவளுடைய இரண்டு நிரல்களில் இருந்து ஒரு பிழையும் இல்லாமல் வந்திருக்கிறது. அதற்கு 2 புள்ளியும் அவளுடையது. சுருக்கத்தில் டி மோர்கனுக்கான 1 இல்லை. விரித்ததற்கு 1, BB' = 0 என்பதற்கு 1. அவளுடைய F நிரலில் 001 என்ற ஒரு நிரையில்தான் 1 இருக்கிறது, A'B'C சொல்வதும் அதையேதான். தன் தவறுக்குள் அவள் ஒழுங்காக நடந்திருக்கிறாள்.

அப்படியானால் கடைசிப் புள்ளி? அதை நான் கொடுக்கமாட்டேன். சரியான பாதையில் போன பிள்ளைக்கு இறுதி விடைக்கு முன் இன்னொரு கடினமான படி இருக்கிறது, கீழே அதைச் சொல்கிறேன். இவளுடைய தவறு அந்தப் படியே இல்லாமல் செய்துவிட்டது. செய்யாத வேலைக்குப் புள்ளி கிடையாது. ஆக மொத்தம் 8-க்கு 5. ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் இருப்பது, திருத்துபவர் அவளுடைய நிரல்களைக் குறுக்கே வாசித்தாரா இல்லையா என்பதுதான். தேசியப் பரீட்சையில் திட்டம் சொல்வதுதான் சட்டம், அதை நாங்கள் மாற்ற முடியாது. தவணைப் பரீட்சையில் திட்டம் எழுதுவது நாங்கள். தொடரும் பிழைக்கு எப்படிப் புள்ளி என்பதை அதில் முதலே எழுதி வைத்துவிடலாம்.

இனிச் சுருக்கம். சரியான பாதை இப்படிப் போகும்.

```
(AB)'(B + C) = (A' + B')(B + C)
             = A'B + A'C + BB' + B'C
             = A'B + A'C + B'C
             = A'B + B'C
```

கடைசி வரியில் A'C எப்படிப் போனது? A'C-ஐ A'C(B + B') என்று எழுதி உடைத்தால் A'BC, A'B'C என்று இரண்டு உறுப்பு வரும். முதலாவது A'B-க்குள் அடங்கும், இரண்டாவது B'C-க்குள் அடங்கும். நான் சொன்ன கடினமான படி இதுதான். நிறையப் பிள்ளைகள் மூன்றாம் வரியிலேயே நின்றுவிடுவார்கள். அது பிழையான விடை அல்ல, முழுக்கச் சுருங்காத விடை. எட்டு நிரையிலும் அதே பெறுமானம் தரும். கடைசி 1 மட்டும் போகும், அதற்கு முன் உள்ள மூன்றும் இருக்கும்.

இதே இடத்தில் மறுபக்கமாகவும் ஏமாறலாம். A'C + B'C = B'C என்று தனியாக எழுதி, X + XY = X என்ற விதியைக் காரணமாகக் காட்டி, A'B + B'C என்று சரியான விடையோடு முடித்திருப்பார்கள். கடைசி வரி திட்டத்தோடு பொருந்துவதால் கை தானாகவே சரி போட்டுவிடும். ஆனால் 011 நிரையில் A'C = 1, B'C = 0. அந்தச் சமன்பாடு பொய். பக்கத்தில் A'B இருந்து அந்த நிரையைத் தாங்கியதால்தான் விடை தப்பியது. இறுதி விடைக்குப் புள்ளி கொடுக்கலாம். காரணத்துக்குத் தனிப் புள்ளி இருந்தால் அதைக் கொடுக்கக்கூடாது. எப்படியும் அந்த வரியை வட்டமிட்டு "011-ஐப் போட்டுப் பார்" என்று எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அந்தப் பொய் விதியையே பெரிய பரீட்சைக்கும் கொண்டுபோகும்.

திட்டத்தில் இல்லாத விடை வந்தால் எப்படிப் பார்ப்பது? இயற்கணிதமாக மாற்றிக்கொண்டு இருக்க வேண்டாம். பிள்ளையின் விடை 1 ஆகும் நிரைகளை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். இங்கே 001, 010, 011, 101 வரவேண்டும். A'B + (AB)'C என்று ஒருவர் எழுதியிருந்தால் A'B தருவது 010, 011. (AB)'C தருவது 001, 011, 101. எல்லாம் வந்துவிட்டது, மேலதிகமாக ஒன்றும் இல்லை. சமமான கோவைதான். அரை நிமிட வேலை.

சரி, அந்தக் கோவை சுருங்கிய விடையா? இங்கே பிழை பெரும்பாலும் கேள்வி எழுதியவருடையது. "சுருக்குக" என்று மட்டும் கேட்டிருந்தால், கேள்வியில் தந்த (AB)'(B + C) என்ற கோவையே போதும் என்று ஒரு பிள்ளை வாதாடலாம். அதில் நான்கு எழுத்து, A'B + B'C-யிலும் நான்கு எழுத்து. படலை போட்டுப் பார்த்தால் தந்த கோவைக்கு ஒரு நான்ட், ஒரு ஓர், ஒரு அன்ட் என்று மூன்று போதும். எங்கள் விடைக்கு நொட் இரண்டு, அன்ட் இரண்டு, ஓர் ஒன்று என்று ஐந்து வேண்டும். "பெருக்கங்களின் கூட்டுத்தொகையாக மிகச் சுருங்கிய வடிவில் தருக" என்று கேட்டால்தான் A'B + B'C என்ற ஒரே விடையை எதிர்பார்க்க எங்களுக்கு உரிமை.

அப்படிக் கேட்டாலும் எல்லாக் கோவைக்கும் ஒரே விடை இருக்காது. 0, 1, 2, 5, 6, 7 ஆகிய நிரைகளில் 1 இருக்கும் மூன்று மாறி வரைபடத்தைப் பாருங்கள். A'B' + BC' + AC என்றும் குழு சேர்க்கலாம், A'C' + B'C + AB என்றும் சேர்க்கலாம். இரண்டிலும் மூன்று உறுப்பு, ஆறு எழுத்து, இரண்டும் மிகச் சுருங்கியவை. திட்டம் எழுதியவர் தான் முதலில் கண்டதை மட்டும் எழுதியிருப்பார். இரண்டாவது விடை இருபதாவது தாளில் கண்ணில் பட்டால், அதைத் திட்டத்தில் சேர்த்துவிட்டு, அதற்கு முன் திருத்திய தாள்களில் அந்தக் கேள்வியை மட்டும் திரும்பவும் புரட்டிப் பார்க்க வேண்டும்.