பெறுபேறு சரிந்த பிறகு புலமைப்பரிசில் நீடிப்புக் கடிதம்

நன்கொடையாளர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பெறுபேறு வந்த வாரமே, பெறுபேற்றுத்தாளையும் இணைத்து எழுதுங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவருக்கு வேறொருவர் மூலம் தெரிய வந்தால், குறைந்த புள்ளியைவிட நீங்கள் மறைத்ததுதான் அவர் மனதில் நிற்கும்.

முதல் பந்தியிலேயே எண்களைச் சொல்லுங்கள்: "சென்ற அரையாண்டில் 3.0 ஆக இருந்த என் சராசரி இம்முறை 2.2. கணிதத்தில் டி தரம்." காரணத்துக்கு இரண்டு வசனம் போதும். வீட்டுக் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதினால் அவருக்கு இரக்கம் வரும், நம்பிக்கை வராது.

திருத்தம் காரணத்தோடு பொருந்த வேண்டும். மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கு தினமும் பஸ்ஸில் போய் எட்டு மணி விரிவுரைகளைத் தவறவிட்டவர், "இனிக் கடினமாகப் படிப்பேன்" என்று எழுதுவதில் பயனில்லை. "இம்மாதம் முதலாம் திகதி பீடத்துக்கு அருகே அறை எடுத்துவிட்டேன், புதன்கிழமைகளில் கணித விரிவுரையாளரிடம் சந்தேகம் கேட்கிறேன்" என்று, ஏற்கெனவே தொடங்கியதை எழுதட்டும்.

வாக்குறுதியைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். பல பீடங்களில் மீள்பரீட்சையில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கிடைக்கும் உச்சத் தரம் சி, அதாவது 2.0. சமநிறையுள்ள ஐந்து பாடங்களில் ஒன்று 1.0 இலிருந்து 2.0 ஆனால், அந்த அரையாண்டுச் சராசரி 2.2 இலிருந்து 2.4 ஆகவே உயரும். ஆகவே மீள்பரீட்சையால் 3.0 வருமென்று எழுதவேண்டாம். உங்கள் பீடத்தின் விதியை உதவிப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டபின் எழுதுங்கள்.

இடைப்பரீட்சைப் புள்ளிகளை அனுப்பும் திகதியையும் குறிப்பிடுங்கள். புள்ளி குறைவாக வந்தாலும் அன்றே அனுப்புங்கள்.