தாயம் ஆட்டத்தை வீடியோ காலில் காட்ட போன் ஸ்டாண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் நாலு பேர் பாயில் உட்கார்ந்து தாயம் உருட்ட, ஐந்தாவது ஆள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து வீடியோ காலில் ஆடுவது நன்றாகவே நடக்கும். தாயத்தில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. காய்களும் விழுந்த எண்ணும் எல்லோர் கண்முன்னும் இருக்கின்றன. வெளியூர்க்காரர் எந்தக் காயை நகர்த்த வேண்டும் என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் நகர்த்திவிடலாம். ஆனால் ஆறு காயும் பழமாவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் போனை யாரும் கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஸ்டாண்ட் வாங்குகிறார்கள். தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

போனைத் தாழ்வாக வைப்பது

கட்டம் பெரிதாகத் தெரியட்டும் என்று 40, 50 செ.மீ. உயரத்தில் போனைத் தொங்கவிடுவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. கட்டத்தின் இரண்டு ஓரங்கள் படத்தில் வராது. போதாக்குறைக்கு, காயை நகர்த்தக் குனிகிற ஒவ்வொருவர் நெற்றியிலும் போன் இடிக்கும். இடிக்காமல் இருக்க உடம்பைச் சாய்த்துக் கையை நீட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

உயரத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா, வீடியோவில், தான் இருக்கும் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அகலத்தைப் படத்தின் குட்டைப் பக்கத்தில் காட்டும். நீளப் பக்கத்தில் உயரத்தைவிடச் சற்று அதிகமாகவே தெரியும். ஏழுக்கு ஏழு கட்டம், ஒவ்வொரு கட்டமும் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 56 செ.மீ. இரு ஓரத்திலும் மூன்று மூன்று செ.மீ. விட்டால் 62. இதை ஒன்றரையால் பெருக்கினால் 93. ஆக, தரையிலிருந்து சுமார் 95 செ.மீ. உயரத்தில் போன் இருக்க வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் உச்சந்தலை பெரும்பாலும் 90 செ.மீ.க்குள் இருக்கும் என்பதால் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் இடிக்காது. நீளப் பக்கத்தில் 110 செ.மீ. வரை தெரியும், கட்டத்துக்குப் பக்கத்திலேயே கட்டையை உருட்ட இடம் கிடைத்துவிடும். போனுக்குப் போன் சிறிது மாறும், கால் செய்யும் செயலியும் ஓரங்களை வெட்டும். அதனால் கோடு போடுவதற்கு முன்பே ஒரு மரஸ்கேலைத் தரையில் வைத்து, மறுமுனையில் இருப்பவருக்கு எதுவரை தெரிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தைக் குறைப்பதற்காக 0.5x அகலக் கேமராவுக்கு மாற வேண்டாம். ஓரக் கட்டங்கள் இழுபட்டுத் தெரியும், சாயங்கால வெளிச்சத்தில் படமும் மங்கும்.

ஸ்டாண்டின் கால்களை யோசிக்காமல் வைப்பது

நேராகக் கீழே பார்க்க வேண்டுமென்றால் ட்ரைபாடின் தலையில் ஒரு குறுக்குக் கம்பி பூட்டி, அதன் நுனியில் போனைப் பிடிக்க வேண்டும். மேசையில் ஆடுபவர்களுக்குச் சொல்லப்படும் விதி, கம்பி எந்தப் பக்கம் நீள்கிறதோ அதே பக்கம் ஒரு கால் இருக்க வேண்டும் என்பது. மேசைக்கு அது சரி, அந்தக் கால் மேசைக்கு அடியில் போய்விடும். தரையில் அதையே செய்தால் கால் நேராகக் கட்டத்துக்குள் வந்து நிற்கும். தரை ஆட்டத்தில் இரண்டு கால்கள் கட்டத்தின் ஓரத்தை இருபக்கமும் அணைத்தபடி நிற்க, கம்பி அவற்றின் நடுவே வெளியே நீள வேண்டும்.

இப்படி நிறுத்தும்போது முன்பக்கம் கவிழ்வது எளிது. காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். கால்களின் நுனி நடுத்தண்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தாலும், முன்னிரு கால்களையும் இணைக்கும் கோடு தண்டிலிருந்து 20 செ.மீ.தான். கவிழ்ந்தால் அந்தக் கோட்டின் மேல்தான் கவிழும். போனும் கிளாம்பும் சேர்த்து 300 கிராம், தண்டிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்றால் கோட்டைத் தாண்டி 30 செ.மீ. வெளியே தொங்குகிறது. 300ஐ 30ஆல் பெருக்கினால் 9,000. இதை எதிர்த்து நிற்பது ஸ்டாண்டின் சொந்த எடை. அரைக் கிலோ ஸ்டாண்ட் என்றால் 500ஐ 20ஆல் பெருக்க, 10,000. கம்பியின் எடையையும் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. உற்சாகத்தில் யாராவது கையை வீசினால் போன் கட்டத்தின் நடுவில் விழும்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். தண்டின் கொக்கியில் மாட்டினால் எதிர்ப்பு மூன்று மடங்காகிவிடும். ஆனால் கொக்கியில் தொங்கும் பாட்டில் ஆடும், படமும் கூடவே ஆடும். பின்காலின் அடியில் கயிறு போட்டுக் கட்டுங்கள். அதே பாட்டில் அந்த இடத்தில் கொக்கியில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேலை செய்யும், ஆடவும் ஆடாது.

மூன்று கால்களும் பாய்க்கு வெளியே, வெறும் தரையில் இருக்கட்டும். ஒரு காலை மட்டும் பாயின் விளிம்பில் வைத்தால், யாராவது எழுந்து பாயை இழுக்கும்போதெல்லாம் படம் நகர்ந்துவிடும். ஆள் உட்காராத பக்கமாகப் பார்த்து ஸ்டாண்டை நிறுத்துங்கள். நாலு பக்கமும் ஆள் இருந்தால் இரண்டு பேருக்கு இடையில் உள்ள மூலையே சரியான இடம். அங்கிருந்து கட்டத்தின் நடு தூரமாகும், எனவே கம்பியும் நீளமாக வேண்டும், பாட்டிலும் இரண்டாக வேண்டும். வளையும் பாம்புக் கழுத்து ஸ்டாண்ட் இந்த நீளத்துக்கு ஒத்துவராது. மாட்டியவுடன் சரியாக நிற்கும், அரைமணியில் ஒரு சாண் தாழ்ந்துவிடும்.

பித்தளையின் மினுக்கத்தை மறப்பது

தாயக்கட்டையில் ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளி, மற்றதில் வெறுமை விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. விளக்கொளி பட்டு அந்த ஒற்றைப் புள்ளி மறைந்துபோனால், வெளியூரில் இருப்பவருக்குத் தாயம் பன்னிரண்டாகத் தெரியும். சண்டை வரும் இடம் இது.

வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று போனுக்குப் பக்கத்திலேயே ஒரு விளக்கை மாட்டுகிறார்கள். கேமராவின் அருகில் உள்ள விளக்குதான் பளபளப்பான பரப்பில் பட்டு நேரே கேமராவுக்குள் திரும்பி வரும், மினுக்கம் இன்னும் கூடும். உச்சியில் உள்ள விளக்கும் அப்படியே. அது போனின் நிழலையும் கட்டத்தில் போடும். மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கைகளின் நிழல் ஓடி, படம் துடித்துக்கொண்டே இருக்கும், பார்ப்பவருக்குத் தலைவலி. பக்கவாட்டுச் சுவரின் டியூப்லைட் ஒன்று போதும், மற்றதை அணைத்துவிடலாம். வழவழப்பான டைல்ஸ் தரையில் சாக்பீஸால் வரைவதைவிட, மங்கிய நிறத் துணியிலோ பாயிலோ கட்டம் இருப்பது நல்லது. வெள்ளை வேட்டியை விரிக்க வேண்டாம். வெள்ளையைக் கண்டதும் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், காய்கள் எல்லாம் கறுத்துப்போகும்.

புள்ளிகள் சின்னவை. 62 செ.மீ. அகலம் 720 வரிகளில் வருகிறது என்றால் மூன்று மி.மீ. புள்ளிக்குக் கிடைப்பது மூன்று நான்கு வரிகள்தான். நெட் தடுமாறித் தரம் பாதியானால் புள்ளி கரைந்துவிடும். கட்டையின் குழிகளில் கண்மை தடவி, மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிடுங்கள். மை குழியில் மட்டும் தங்கி, புள்ளி கறுப்பாக எடுப்பாகத் தெரியும். அதோடு, விழுந்த எண்ணை உருட்டியவர் உரக்கச் சொல்வதை வழக்கமாக்குங்கள்.

ஒரே போனில் எல்லாவற்றையும் செய்யப் பார்ப்பது

பின்கேமரா கீழே பார்க்கும்போது திரை கூரையைப் பார்க்கிறது. வெளியூர்க்காரர் முகத்தைப் பார்க்க வீட்டில் இருப்பவர்கள் மாறி மாறி எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். முகத்துக்கென்று இன்னொரு போனையோ லேப்டாப்பையோ அதே வீடியோ காலில் சேருங்கள். தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டம் 70, 75 செ.மீ.; ஒரு முக்காலியில் வைத்தால் கழுத்து வளையாமல் பார்க்கலாம். மேலே தொங்கும் போனின் மைக்கையும் ஒலியையும் முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று பிடித்து ஊளையிடும்.

போனைப் படுக்கப் போட்டால் அதற்கு நிமிர்வா கிடையா என்று தெரியாது. அதனால் முதலில் கையில் குறுக்காகப் பிடித்து, படம் குறுக்காக மாறியதைப் பார்த்துக் காலைத் தொடங்கி, அப்புறம்தான் கம்பியில் மாட்ட வேண்டும். கிளாம்பின் பல் வால்யூம் பட்டனையோ பவர் பட்டனையோ அழுத்தாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ஒன்றால் நடு ஆட்டத்தில் வீடியோ கால் துண்டாவது அடிக்கடி நடக்கிறது.

மூன்று மணி நேர வீடியோ காலும் சார்ஜும் சேர்ந்தால் போன் கொதிக்கும், ஏப்ரல், மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். சூடேறிய போன் முதலில் திரையை மங்கவைக்கும், பிறகு சார்ஜை நிறுத்தும், கடைசியில் கேமராவையே மூடிவிடும். உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறையுங்கள், முழு சார்ஜோடு தொடங்கி, வேகச் சார்ஜருக்குப் பதில் பழைய மெதுவான சார்ஜரைப் போடுங்கள். ஒயர் போனிலிருந்து நேரே கீழே தொங்கினால் அதன் இழுப்பில் போன் மெல்லத் திரும்பிவிடும். கம்பியோடு சேர்த்து இரண்டு இடத்தில் நூலால் கட்டி, பின்கால் வழியாக இறக்குங்கள்.

மறுமுனையில் இருப்பவரை மறப்பது

இங்கே எல்லாம் சரியாக இருந்தும், அங்கே அவர் மூன்று மணி நேரம் போனைக் கையில் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். போன் திரையின் குட்டைப் பக்கம் சுமார் 7 செ.மீ. அதற்குள் 62 செ.மீ. அடங்கினால் 8 செ.மீ. கட்டம் 9 மி.மீ. ஆகிவிடும். காயையாவது பார்த்துவிடலாம், புள்ளியைப் பார்க்க முடியாது. லேப்டாப்பிலோ டிவியிலோ அவர் பார்க்கட்டும். போன்தான் இருக்கிறது என்றால் மேசையில் புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வருமாறு ஸ்டாண்டை ஏற்றிக்கொள்ளலாம். கட்டத்தின் வரிசைகளுக்கு ஒன்று முதல் ஏழு வரையும், அ முதல் எ வரையும் ஓரத்தில் பெரிதாக எழுதிவிட்டால், திரையில் விரலை வைத்துத் தேடாமல், “இ4ல இருக்கறத அஞ்சு நகர்த்துங்க அத்தை” என்று சாய்ந்து உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்.

சீட்டாட்டத்துக்கும் இதே அமைப்பு பொருந்தும், ஒன்றைத் தவிர. போனைச் சாய்த்து வைத்தால், ஸ்டாண்ட் பக்கம் உட்கார்ந்தவரின் தோளுக்கு மேலாக அவர் கைச்சீட்டு மறுமுனைக்குத் தெரிந்துவிடும். சீட்டுக்குப் போன் கண்டிப்பாக நேர் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது நிமிர்த்திப் பிடித்த சீட்டின் விளிம்பு மட்டுமே படத்தில் வரும்.