ஹவுஸ் பில் கையில் இருந்தும் சரக்கு வரவில்லையா?

கன்டெய்னரின் ஒரு பகுதியை மட்டும் நிரப்பும் சரக்காக என் பெயருக்கு முதலில் வந்தது 12 பெட்டிகள், 640 கிலோ. சரக்கை ஏற்றியதற்கான ஆவணமாக என் கையில் இருந்த ஹவுஸ் பில்லின் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டினேன். அப்படி ஒரு பதிவே இல்லை என்றது. நேரில் போனேன். "இது எங்கள் பில் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் வீணானது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் பில்லின் கீழே இருக்கும் கையொப்பத்தைப் பாருங்கள். சரக்கை ஏற்றிச்செல்பவராகக் கையெழுத்திட்ட நிறுவனம் சொந்தமாகக் கப்பல் எதையும் இயக்காதது என்றால், அது ஹவுஸ் பில். கன்சாலிடேட்டர் பலரிடம் சிறு சரக்குகளைச் சேர்த்து ஒரே கன்டெய்னரை நிரப்புகிறார். நமக்கு அவர்தான் சரக்கைக் கொண்டுசேர்ப்பவர். கப்பல் நிறுவனத்துக்கோ அவர் வெறும் வாடிக்கையாளர். எட்டு பேரின் சரக்கு ஏறினால், கன்சாலிடேட்டர் நமக்குத் தருவது எட்டு ஹவுஸ் பில்; மொத்தக் கன்டெய்னருக்கும் கப்பல் நிறுவனம் அவருக்குத் தருவது ஒரே மாஸ்டர் பில். மாஸ்டரில் அனுப்புநர் கன்சாலிடேட்டர், பெறுநர் இறக்குமிடத்தில் உள்ள அவருடைய ஏஜென்ட். நம் பெயர் அதில் வராது. எடையும் எட்டு பேருக்கும் சேர்த்துத்தான் இருக்கும். கப்பல், பயண எண், கன்டெய்னர் எண், சீல் எண் ஆகியவை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து, கன்டெய்னர் எண்ணை வைத்துத் தேடுங்கள். 4 எழுத்தும் 7 இலக்கமும் கொண்ட அந்த எண்ணைத்தான் நான் எப்போதும் நம்புகிறேன். அது கப்பல் நிறுவனத்தின் தளத்திலும் கிடைக்கும்.

நான் தவறிய இடம் இதுதான்: ஹவுஸ் பில்லில், சரக்கைப் பெற யாரை அணுக வேண்டும் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நான் படிக்கவே இல்லை. அதில் உள்ள ஏஜென்டுக்குக் கப்பல் வருவதற்கு முன்பே எழுதுங்கள். மாஸ்டர் பில்லைக் காட்டிக் கப்பல் நிறுவனத்திடமிருந்து கன்டெய்னரை விடுவிப்பவர் அவர். சரக்கு நிலையத்தில் அதைத் திறந்து பிரித்தபின், அசல் ஹவுஸ் பில்லையும் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு நமக்கு டெலிவரி ஆர்டர் தருகிறார்.

அவரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "கப்பல் நிறுவனம் மாஸ்டரை விடுவித்துவிட்டதா?" நம் பில்லில் கட்டணம் செலுத்தப்பட்டது என்று இருப்பது நமக்கும் கன்சாலிடேட்டருக்கும் இடையிலான கணக்கு. அவர் கப்பல் நிறுவனத்துக்குப் பணம் கட்டாமல் இருந்தால், எட்டு பேரின் சரக்கும் முடங்கிவிடும்.

பின்சேர்க்கை: அசல் தாளைக் காட்டத் தேவையில்லாத டெலெக்ஸ் முறையில் மாஸ்டர் விடுவிக்கப்பட்டதால் தன் அசல் ஹவுஸ் பில் தேவையில்லை என்று எண்ணி, ஒரு வாசகர் அதை ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த விடுவிப்பு மாஸ்டருக்கு மட்டுமே. அசலாக வழங்கப்பட்ட ஹவுஸ் பில்லை ஏஜென்டிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால், அதை வழங்கிய கன்சாலிடேட்டர் அலுவலகத்திலேயே ஒப்படைத்து, ஏஜென்டுக்குத் தகவல் அனுப்பச் சொல்ல வேண்டும்.