பெயர்த் தாள்: படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையைத் தொடங்குபவர்களுக்கு

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வாசிக்க எழுதத் தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் என்ன தொழில் செய்யலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பு, பிள்ளைகளுக்குச் சிங்கள வகுப்பு, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுபவர்களுக்குத் தமிழ் வகுப்பு எனப் பல வழிகள் இருக்கின்றன. நான் செய்வது படிவம் நிரப்பிக் கொடுப்பது. ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு அச்சுப்பொறி போதும். பெட்டிகளை நிரப்ப யாராலும் முடியும். படிவம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயர்களால்தான். அதனால் இந்தப் பதிவு முழுவதும் பெயரைப் பற்றியது.

முதலில் ஒரு தாள்

வாடிக்கையாளர் வந்து அமர்ந்ததும் படிவத்தைத் தொடாதீர்கள். அவரிடம் இருக்கும் எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பச் சொல்லுங்கள்: பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பழைய கடவுச்சீட்டு, பாடசாலைச் சான்றிதழ். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று நிரல் கீறி, ஆவணம், அதில் தமிழில் உள்ள பெயர், அதில் ஆங்கிலத்தில் உள்ள பெயர் என்று எழுதுங்கள். பார்த்ததைப் பார்த்தபடியே எழுத வேண்டும். ஒரு எழுத்தைக்கூட நீங்கள் திருத்தக் கூடாது. இதைத்தான் பெயர்த் தாள் என்கிறேன்.

ஒரு உண்மையான வேலையை எடுத்துக்கொள்வோம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சாவகச்சேரியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக விண்ணப்பிக்க வேண்டும். மகள் இன்னார்தான் என்று காட்ட மகளின் பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கொண்டுவந்திருந்தார். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது தம்பி, நீங்கள் நிரப்பினால் போதும்" என்றார். தாளில் எழுதியபோது இப்படி வந்தது:

```
அம்மாவின் கடவுச்சீட்டு   THIYAGARAJAH SELVANAYAGI
அடையாள அட்டை           தியாகராஜா செல்வநாயகி
மகளின் பிறப்புச் சான்றிதழ்
   தாய்                    கந்தையா செல்வநாயகி
   தந்தை                   வல்லிபுரம் தியாகராசா
அதன் மொழிபெயர்ப்பு
   தாய்                    Kandiah Chelvanayaki
   தந்தை                   Vallipuram Thiyagarasa
```

ஒரே குடும்பம்தான். ஆனால் தமிழ் தெரியாத அதிகாரி ஒருவர் இதைப் பார்த்தால், மகளின் தாய் வேறு, விண்ணப்பிக்கும் பெண் வேறு என்று நினைக்க இடமிருக்கிறது. இங்கே மூன்று விதமான வேறுபாடுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு. தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன்.

ஒன்று: எழுத்துக்கூட்டல்

செல்வநாயகி என்ற ஒரே தமிழ்ப் பெயர் கடவுச்சீட்டில் Selvanayagi என்றும் மொழிபெயர்ப்பில் Chelvanayaki என்றும் வந்திருக்கிறது. இந்தப் பெயரைப் பொறுத்தவரை மூல ஆவணங்களில் பிழை எதுவும் இல்லை. தமிழில் ஒரே 'ச'வும் ஒரே 'க'வும் இருப்பதால் எழுதுபவர் தம் காதுக்குப் பட்டபடி எழுதிவிடுகிறார்.

கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ள கூட்டல்தான் முடிந்த முடிவு. அது அழகாக இல்லாவிட்டாலும் அதுதான். கடவுச்சீட்டு இல்லையென்றால் அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் உள்ளது, அதுவும் இல்லையென்றால் க.பொ.த. சான்றிதழில் உள்ளது. மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் முதற்பக்கப் பிரதியைச் சேர்த்துக் கொடுத்து, இந்தக் கூட்டலில் எழுதுங்கள் என்று கேளுங்கள். இந்த அம்மா பிறப்புச் சான்றிதழை மட்டும் கொடுத்திருந்தார், அதனால்தான் இப்படி வந்தது. மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பப் போனோம், அன்றே திருத்திக் கொடுத்தார்.

தூதரகத்துக்குப் போகும் மொழிபெயர்ப்பை நீதி அமைச்சில் பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் ஒப்பமிட்டு முத்திரையிட வேண்டும். உங்களுக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரிந்தாலும் நீங்கள் செய்த மொழிபெயர்ப்பு அங்கே செல்லாது. எந்தத் தாள் யாரிடம் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவது மட்டுமே உங்கள் பங்கு.

கொழும்பில் பிறந்தவர்கள் சிங்களப் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவருவார்கள். சிங்களத்தில் K, G ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள், P, B ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் எனப் பிரித்தே எழுதுகிறார்கள். அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு K போடுவதா G போடுவதா என்ற குழப்பமே வராது. சிங்களம் தெரிந்திருப்பது பயன்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டு: பெயர் மாறியிருப்பது

மகள் பிறந்தபோது பதிவில் தாயின் பெயர் கந்தையா செல்வநாயகி. கந்தையா அவருடைய தந்தை. அடையாள அட்டையில் முன்னால் வருவது கணவரின் பெயர். நம் ஊரில் இது வழக்கம், பிழையே இல்லை. ஆனால் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற பெட்டி இருப்பதால் வெளியாட்களுக்கு இது இரண்டு குடும்பமாகத் தெரியும். இதற்குச் சத்தியக்கடதாசி தேவையில்லை. விவாகச் சான்றிதழையும் அதன் மொழிபெயர்ப்பையும் வைத்தால் கந்தையாவிலிருந்து தியாகராஜாவுக்கு எப்படி வந்தார் என்பது தெரிந்துவிடும். "முன்பு வேறு பெயரில் அறியப்பட்டிருக்கிறீர்களா" என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தால் அங்கே பழைய பெயரை எழுதத் தவறாதீர்கள். பலர் அதற்கு இல்லை என்று போட்டுவிடுகிறார்கள்.

மூன்று: மூலத்திலேயே வேறுபாடு

இதுதான் உண்மையான சிக்கல். பிறப்புச் சான்றிதழில் தியாகராசா, அடையாள அட்டையில் தியாகராஜா. பதிவாளர் ஒருவர் 'ச' போட்டார், இன்னொருவர் 'ஜ' போட்டார். யாழ்ப்பாணத்தில் ராசா, ராஜா, செயந்தி, ஜெயந்தி என்று இந்த வகை ஏராளம். மொழிபெயர்ப்பாளர் Thiyagarasa என்று எழுதியது சரி. மூலத்தில் உள்ளதை மாற்றி எழுத அவருக்கு உரிமை இல்லை. அவரிடம் போய்க் கெஞ்சாதீர்கள்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துப் பிறப்புப் பதிவையே திருத்துவது. ஆதாரங்கள் காட்ட வேண்டும், காலம் எடுக்கும், ஆனால் ஒருமுறை செய்தால் பிறகு தொல்லை இல்லை. மற்றது, இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடிப்பது. அம்மாவுக்கு அவசரம் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆங்கிலத்தில் எழுதிய கடதாசி அது. ஒப்பமிடும் முன் வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டினேன். சமாதான நீதவான் முன்னால்தான் அவர் ஒப்பமிட்டார். வீட்டில் முன்கூட்டியே ஒப்பமிட்டுக் கொண்டுபோவது பெரிய தவறு. தமக்குப் புரியாத கடதாசியில் ஒருவரை ஒப்பமிட வைப்பதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை.

பிறந்த திகதியைச் சரிபார்த்தல்

பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 12 இலக்கப் புதிய அட்டையில் ஆண்டுக்கு நான்கு எண்கள், மற்றது அதே முறைதான்.

இந்த அம்மாவின் இலக்கம் 57635 என்று தொடங்கியது. அவருடைய பிறப்புச் சான்றிதழில் 1957 மே 14. ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 14 எனக் கூட்டினேன், 134 வந்தது. 500 சேர்த்தால் 634. ஒரு நாள் பிழை என்று முடிவுசெய்து, வயதான அவரைப் பஸ்ஸில் பிரதேச செயலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பிழை என்னுடையது. இந்த இலக்கத்தில் லீப் ஆண்டோ இல்லையோ, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள்தான் எண்ணப்படும். 31, 29, 31, 30, 14 கூட்டினால் 135, அதாவது 635. இதைத் தெரியாமல் அந்த அம்மாவை ஒரு பகல் வெயிலில் அலைய விட்டது இன்றும் மனதை உறுத்துகிறது. லீப் அல்லாத ஆண்டில் மார்ச் முதல் பிறந்த எல்லோருக்கும் இந்த ஒரு நாள் வரும் என்பதை மேசையில் எழுதி ஒட்டிவையுங்கள்.

சரியாக எண்ணியும் பொருந்தவில்லையென்றால், பழைய காலத்தில் உத்தேசமாகச் சொல்லப்பட்ட வயது அட்டையில் ஏறியிருக்கலாம். அதை மறைத்துப் படிவம் நிரப்பாதீர்கள்.

கருவிகள்

கைபேசியில் படம் பிடிப்பதைவிட ஸ்கேனர் நல்லது. பழைய சான்றிதழின் மங்கிய மை அதில்தான் தெளிவாக வரும். தமிழ்த் தட்டச்சுக்கு யூனிகோட் மட்டும். யாழ்ப்பாணத்துக் கடைகளில் இன்னமும் பாமினி எழுத்துருவில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாமினியில் "அம்மா" என்று அடித்ததை இணையப் படிவத்தில் ஒட்டினால் திரையில் `mk;kh` என்று வரும். தாளில் அச்சிடுவதற்குச் சரி, அனுப்புவதற்கு உதவாது. கையால் நிரப்பும் படிவம் என்றால் முதலில் அதன் போட்டோப் பிரதியில் பென்சிலால் நிரப்பி, வாடிக்கையாளரிடம் காட்டி, பிறகுதான் மூலப் படிவத்தில் பேனா வையுங்கள்.

எல்லை

எந்த விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், என்ன எழுதினால் கிடைக்கும் என்று சொல்ல வேண்டாம். கனடாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல, அந்நாட்டுச் சட்டப்படி வழக்கறிஞரோ உரிமம் பெற்ற ஆலோசகரோ ஆக இருக்க வேண்டும். நான் கேள்வியைத் தமிழில் வாசிப்பேன், அவர் சொல்லும் பதிலை எழுதுவேன். வேலை முடிந்ததும் ஸ்கேன் கோப்புகளை அவர் முன்னாலேயே அழித்துவிடுவேன். பெயர்த் தாளுக்குத் தனியாகவும் படிவத்துக்குத் தனியாகவும் கட்டணம் வாங்குகிறேன். தாளில் சிக்கல் தெரிந்து படிவம் தள்ளிப்போனாலும் அந்த உழைப்புக்குக் கூலி கிடைக்கும்.

பின்சேர்க்கை

அரச அலுவலகத்தில் சிங்களப் படிவத்தைத் தந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி. தமிழ்ப் படிவத்தை முதலில் கேளுங்கள். நிரப்பக் கூலி வாங்கும் நாமே வாடிக்கையாளருக்கு அதைச் சொல்ல வேண்டும்.

இடப்பெயர்வில் பிறப்புப் பதிவே தொலைந்தவர்களைப் பற்றி இன்னொருவர் கேட்டார். அவர்களுக்கு முதலில் பிரதேச செயலகத்தில் பதிவைத் தேடுவிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை பெயர்த் தாளில் அந்த வரியை வெறுமையாகவே விடுங்கள்.

அம்மாவின் விண்ணப்பத்தோடு கடைசியில் ஆறு தாள்கள் போயின: கடவுச்சீட்டுப் பிரதி, மகளின் பிறப்புச் சான்றிதழ், திருத்திய மொழிபெயர்ப்பு, விவாகச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, சத்தியக்கடதாசி. பெயர்த் தாளை அவர் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார், அடுத்த முறை யாரிடம் போனாலும் காட்டுவதற்காக.